கேட்பவர் காதை மட்டும் நம்பி ஒரு வானொலி நாடகக் காட்சி: மாட்டுத்தாவணிப் பூச்சந்தையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

வானொலி நாடகம் எழுதத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கவலையோடு உட்காருகிறார்கள். கேட்பவருக்குத் தெரியாமல் போகும் இடம், உடை, முகபாவம், கைவேலை எல்லாவற்றையும் எப்படியாவது வசனத்தில் சொல்லிவிட வேண்டும் என்பதே அந்தக் கவலை. அந்தக் கவலையோடு எழுதினால் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பேசுவதை விட்டுவிட்டுக் கேட்பவருக்கு வர்ணனை செய்யத் தொடங்கிவிடுவார்கள். கண்ணால் பார்த்தால் ஒரு நொடியில் தீர்ந்துவிடக்கூடியதும், காதால் மட்டும் கேட்கும்போது தீராமல் நிற்பதுமான ஒரு கேள்வியைத் தேடி, அதையே காட்சியின் நடுவில் வைப்பது இதைவிட நல்ல வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். ரிச்சர்ட் ஹியூஸ் எழுதி 1924 ஜனவரியில் பி.பி.சி. ஒலிபரப்பிய நாடகம், விளக்கணைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றியது. அங்கே பாத்திரங்களுக்கும் கேட்பவருக்கும் ஒரே இருட்டு. வானொலிக்காகவே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்றிலேயே இந்த வழி கிடைத்துவிட்டது.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் என்ற விவசாயி, பேத்தி தேன்மொழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு சாக்கு மல்லிகை மொட்டுடன் வருகிறார். அவருக்குக் கண் மங்கல். கடையின் கணக்குப்பிள்ளை முருகேசன் பூவை எடைபோட்டு ஒரு எண்ணைச் சொல்கிறார். தராசின் திரையில் வேறு எண் இருக்கிறதா என்பதே கேள்வி. மேடையில் இதே காட்சியை நடித்தால் தராசைப் பார்வையாளர் பக்கம் திருப்பி வைத்த உடனே கேள்வி முடிந்துவிடும். வானொலியில் திரையைப் பார்க்க முடியாதவர்கள் பேச்சியம்மாளும் கேட்பவரும் மட்டுமே. இருவரிடமும் இருக்கும் சாட்சியம் ஒன்றுதான்.

சாட்சியத்தை ஒலியாக மாற்றுதல்

கேள்வி கிடைத்த பிறகு, அதைத் தீர்க்கும் சான்று எந்த ஒலியில் இருக்கிறது என்று தேட வேண்டும். எலக்ட்ரானிக் தராசில் முதலில் வெறுஞ்சாக்கை வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால், அந்தச் சாக்கின் எடை கழிந்து திரை பூஜ்யத்துக்கு வந்துவிடும். அமுக்கும்போது ஒரு கீச்சொலி எழும். பிறகு அதே அளவுள்ள நிறைசாக்கை வைத்தால், திரையில் தெரிவது பூவின் எடை மட்டுமே. ஆகவே அந்தக் கீச்சொலியைக் கேட்டவருக்குச் சாக்கின் எடை முன்பே கழிக்கப்பட்டது என்பது தெரியும். கணக்குப்பிள்ளை சாக்குக்காக இரண்டாம் முறை கழித்தால், அவரைப் பிடித்துக் கொடுப்பது அந்த ஒலிதான்.

இங்கே ஒரு தொழில்நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். சான்றாகப் பின்னால் பயன்படப்போகும் ஒலியைக் காட்சியில் ஒரே ஒருமுறை மட்டும் வைக்க வேண்டும். உண்மையான கடையில் நாலைந்து தராசுகள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கலாம். நம் காட்சியில் அவை அனைத்தும் மௌனமாக இருந்தாக வேண்டும். அந்த ஒலி எழும் கணத்தில் யாரும் அதன் பொருளை விளக்கவும் கூடாது. ஆனால் அது காதில் விழுந்து நினைவில் தங்க வேண்டும் என்பதால், விவரம் தெரியாத ஒருவர் அதைப் பற்றிக் கேட்பது போலவும், அவருக்குச் சரியான பதில் கிடைக்காதது போலவும் எழுதுவது நல்லது. தேன்மொழி இந்தக் காட்சிக்கு வருவதற்கு முதல் காரணம் அதுதான்.

இடம், குரல்கள், மைக்கின் தூரம்

இடத்தைக் காட்ட மூன்று ஒலிகளுக்கு மேல் வேண்டாம். பரந்த இரைச்சல் ஒன்று, அதற்குள் அடையாளம் தெரியும் குரல் ஒன்று, அருகில் நடக்கும் செயலின் ஒலி ஒன்று போதும். பூச்சந்தை என்றதும் தண்ணீர் தெளிப்பது, நார் கிழிப்பது, பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும் ஹாரன், டீக்கடையில் டீ ஆற்றுவது என எல்லாவற்றையும் சேர்க்கத் தோன்றும். அவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, கேட்பவருக்கு ஒரே கரகரப்பாகத்தான் போய்ச்சேரும். மல்லிகைக்குச் சொந்தமாக ஒலி கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது. அதைச் சுமக்கும் ஈரச்சாக்கும், அதைப் பற்றிய பதற்றமும்தான் கேட்பவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மூன்று குரல்கள் இந்தக் காட்சிக்குச் சரியான அளவு. முதிய பெண், நடுவயது ஆண், சிறுமி என்பதால் யார் பேசுகிறார் என்ற குழப்பம் வராது. அப்பத்தா, தம்பி, அக்கா, மாமா, பாப்பா என்று அவர்கள் கூப்பிட்டுக்கொள்ளும் முறையே உறவையும் வயதையும் சொல்லிவிடுவதால், பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவை குறைகிறது. பேசாமல் நிற்கும் பாத்திரம் வானொலியில் சீக்கிரமே மறைந்துபோகும். தேன்மொழி பேசாத நேரத்தில் அவளை நினைவூட்டக் கொலுசு இருக்கிறது. அந்தக் கொலுசுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

யாருடைய காதால் காட்சியைக் கேட்கிறோம் என்பதையும் எழுதும்போதே முடிவு செய்ய வேண்டும். இங்கே அது பேச்சியம்மாளின் காது. ஆகவே அவர் எப்போதும் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பார். மற்றவர்கள் நெருங்குவதும் விலகுவதும் அவரைப் பொறுத்தே அமையும். தூரத்தைக் காட்ட ஒலி அளவைக் குறைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. அருகிலிருந்து பேசிய குரலின் அளவைக் குறைத்தால், அருகிலிருக்கும் ஒருவர் மெதுவாகப் பேசுவது போலத்தான் கேட்கும். உண்மையில் விலகி நின்று பேசும்போது வாயிலிருந்து நேராக வரும் ஒலி குறைந்து, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியின் பங்கு கூடுகிறது. காது தூரத்தை உணர்வது அந்த வேறுபாட்டால். எனவே நடிகர் நிஜமாகவே நான்கு அடி தள்ளி நிற்க வேண்டும், நடந்து வர வேண்டும். கேட்பவர்களில் பலர் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனிலோ சிறு வானொலிப் பெட்டியிலோ கேட்பார்கள் என்பதால், இடப்பக்கம், வலப்பக்கம் என்ற வேறுபாட்டை நம்பி எதையும் எழுதக்கூடாது. அருகு, தொலைவு என்ற வேறுபாடு எந்தக் கருவியிலும் நிற்கும்.

காட்சியின் எழுத்துப்படி

ஒவ்வொரு வசனத்துக்கும் ஒவ்வொரு ஒலிக்குறிப்புக்கும் தொடர் எண் இடுவது அவசியம். ஒலிப்பதிவின்போது "பன்னிரண்டிலிருந்து" என்று சொன்னால் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

1. ஒலி: பூச்சந்தை இரைச்சல், திறந்தவெளி. அதற்குள் விலை கூவும் ஆண் குரல், தொலைவில். மூன்று விநாடி முழு அளவில். பிறகு வசனத்துக்குக் கீழே இறங்கி நீடிக்கிறது.

2. சுமைக்காரர் (தொலைவிலிருந்து நெருங்கிக் கடந்து): வழி... வழி... ஒதுங்கு, ஈரச்சாக்கு!

3. பேச்சியம்மாள் (அருகில், மூச்சு வாங்க): தேனு, என் முந்தானைய விட்றாத. படி வந்தாச் சொல்லு.

4. தேன்மொழி (அருகில்): வந்துருச்சு அப்பத்தா. ரெண்டு படி.

5. ஒலி: சிமெண்டுப் படியில் செருப்புக் காலடி இரண்டு, கூடவே கொலுசு. இரண்டாம் அடியில் சந்தை இரைச்சல் பின்னால் அடங்குகிறது. இனி குரல்கள் சிறிய அறைக்குள்.

6. முருகேசன் (தள்ளி): வாங்க பேச்சிக்கா. இன்னைக்கு நேரமாயிருச்சே.

7. பேச்சியம்மாள்: பஸ்ஸு லேட்டு தம்பி. உசிலம்பட்டில இருந்து நின்னுக்கிட்டேதான் வந்தோம்.

8. முருகேசன் (நெருங்கி): அந்த வெறுஞ்சாக்கக் குடுங்க.

9. ஒலி: மடித்த சாக்கு தகரத் தட்டில் மெத்தென விழுகிறது. ஒரு விநாடி. தராசின் கீச்சொலி, ஒரே முறை. ஒரு விநாடி இடைவெளி.

10. தேன்மொழி: என்ன மாமா கத்துது?

11. முருகேசன்: தள்ளி நில்லு பாப்பா, தட்டுல கை படக்கூடாது. (முக்கலுடன்) அக்கா, அந்தப் பக்கம் பிடிங்க.

12. ஒலி: வெறுஞ்சாக்கு உருவப்படுகிறது. நிறைசாக்கு மெதுவாக, கனமாகத் தட்டில் இறங்குகிறது.

13. பேச்சியம்மாள்: பாத்து தம்பி, மொட்டு நசுங்கிரும். விடியிறதுக்கு முன்ன பறிச்சது.

14. ஒலி: கொலுசு, இரண்டு அடி; தள்ளிப் போய் நிற்கிறது. பேனா தாளில் ஓடத் தொடங்குகிறது.

15. முருகேசன் (எழுதிக்கொண்டே): ஒம்பது அறுநூறு.

16. பேச்சியம்மாள்: எம்புட்டு?

17. முருகேசன்: ஒம்பது கிலோ அறுநூறு கிராமுக்கா.

18. பேச்சியம்மாள்: நேத்தும் அதத்தான் சொன்னீங்க. இன்னைக்குக் கழுத்து கூடக் கடுத்துச்சே தம்பி.

19. முருகேசன்: வயசாகுதுல்லக்கா. கடுக்கத்தான் செய்யும்.

20. தேன்மொழி (தள்ளி): அப்பத்தா, இதுல பத்துன்னு போட்டுருக்கு. பத்து, புள்ளி, ரெண்டு.

21. ஒலி: பேனா நிற்கிறது. இரண்டு விநாடி, வெளியிரைச்சல் மட்டும்.

22. முருகேசன் (சிரிக்க முயன்று): அது சாக்கோட சேத்து பாப்பா. சாக்கு அறுநூறு. கழிச்சா ஒம்பது அறுநூறு.

23. பேச்சியம்மாள் (நிதானமாக): தம்பி, வெறுஞ்சாக்க வச்சப்ப ஒரு தடவ கத்துச்சே. அப்பவே சாக்கு கழிஞ்சுபோச்சுல்ல?

24. ஒலி: மூன்று விநாடி, வெளியிரைச்சல் மட்டும்.

25. முருகேசன் (மிக அருகில், தாழ்ந்து): அக்கா... மொதலாளிகிட்ட வாங்குன முன்பணம் இன்னும் நிக்குது.

26. பேச்சியம்மாள்: நிக்கட்டும். அதையும் எழுது. இதப் பத்து எரநூறுன்னு எழுது.

27. ஒலி: பேனா ஒரு கோடு இழுத்து அடிக்கிறது, மறுபடி எழுதுகிறது. சந்தை இரைச்சல் மேலெழுந்து, ஐந்து விநாடியில் தேய்ந்து மறைகிறது.

ஏன் இப்படி எழுதப்பட்டது

மூன்றாம் வசனத்தைப் பாருங்கள். "எனக்குக் கண் சரியாகத் தெரியாது" என்று பேச்சியம்மாள் எங்கும் சொல்லவில்லை. தன் பேத்தியிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவளுக்கு அது முன்பே தெரியும். படி வந்தால் சொல்லும்படி கேட்பதற்கு மட்டும் காரணம் இருக்கிறது, அதிலிருந்து கேட்பவர் மற்றதை ஊகித்துக்கொள்வார். எழுதிய ஒவ்வொரு வரியையும் இந்தக் கேள்வியால் சோதிக்கலாம்: எதிரில் இருப்பவருக்கு முன்பே தெரிந்த செய்தியை இந்தப் பாத்திரம் சொல்கிறதா? ஆம் என்றால் அந்த வரி கேட்பவருக்காகப் போட்டது. அதை நீக்கிவிட்டு, அதே செய்தியை ஒரு வேண்டுகோளாகவோ எச்சரிக்கையாகவோ மாற்ற வேண்டும். "சாக்கு நிறைய மல்லிகை மொட்டு கொண்டுவந்திருக்கிறேன்" என்று எழுதத் தோன்றும் இடத்தில் 13-ஆம் வசனம் இருக்கிறது. மொட்டு நசுங்கிவிடும் என்ற பயமே சாக்கில் இருப்பது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறது.

எண்களைப் பற்றியும் அதே கவனம் வேண்டும். கேட்பவரால் முந்தைய வரிக்குத் திரும்பிப் போக முடியாது. ஆகவே 15-இல் வரும் எடையை 17-இல் முழுமையாகத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறேன். அதைக் கேட்க பேச்சியம்மாளுக்குத் தகுந்த காரணமும் இருக்கிறது. மொத்தக் காட்சியிலும் கேட்பவர் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் இரண்டே. மூன்றாவதான அறுநூறு, 22-இல் கணக்கு சொல்லும்போதுதான் வருகிறது, கணக்கோடு சேர்ந்தே வருகிறது. பூவின் விலையையும் இதில் நுழைத்திருந்தால் சச்சரவு எதைப் பற்றியது என்பதே நழுவிப்போயிருக்கும்.

14-ஆம் குறிப்பில் கொலுசு ஏன் நகர்கிறது என்று பார்க்கலாம். தேன்மொழி தராசின் திரையைப் படிக்க வேண்டுமானால் அதன் அருகே போயிருக்க வேண்டும். அவள் போனதைக் கேட்பவர் முன்பே கேட்டிருந்தால்தான் 20-ஆம் வசனம் திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றாது. முருகேசன் அதைக் கவனிக்கவில்லை என்பதும் இங்கே முக்கியம். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்பதைப் பேனாவின் ஒலி சொல்கிறது. பேனா நிற்கும் 21-ஆம் குறிப்பே இந்தக் காட்சியில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஓடிக்கொண்டிருந்த ஓர் ஒலி நிற்பது, புதிதாக ஓர் ஒலி எழுவதைவிட வலுவாகக் காதில் படும். ஆனால் ஓடிக்கொண்டிருந்ததை முன்பே கேட்க வைத்திருந்தால்தான் நிற்பது தெரியும்.

மௌனத்திலும் வெளியிரைச்சல் மெல்லியதாக இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. முழு நிசப்தம் வந்தால் வானொலி நின்றுவிட்டதோ, போன் அறுந்துவிட்டதோ என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். பின்னணி ஒலி தொடர்ந்தால் அந்த மௌனம் அறைக்குள் நிற்கும் இருவருடையதாக இருக்கும்.

ஒலிக்குறிப்பில் காதுக்கு எட்டாத எதையும் எழுதக்கூடாது. "பேச்சியம்மாள் அவரை உற்றுப் பார்க்கிறார்" என்ற குறிப்பை ஒலிப்பதிவாளர் எதைக் கொண்டு உருவாக்குவார்? எந்தப் பொருளின் ஒலி, எப்படிப்பட்டது, எவ்வளவு தூரத்தில், எப்போது முடிகிறது என்ற நான்கும் குறிப்பில் இருக்க வேண்டும். அநேகமாக எல்லோரும் விட்டுவிடுவது கடைசியானதைத்தான். தொடங்கிய ஒலி எங்கே நிற்கிறது என்று எழுதாவிட்டால், படிகளைக் கடந்து கடைக்குள் வந்த பிறகும் சந்தை இரைச்சல் அதே அளவில் தொடர்ந்து, இடம் மாறியதே தெரியாமல் போகும்.

ஒலிகளைச் செய்வது

சந்தை இரைச்சலை அதிகாலையில் நேரில் போய், ஒரே இடத்தில் அசையாமல் நின்று, ஐந்து நிமிடமாவது தொடர்ச்சியாகப் பதிவு செய்ய வேண்டும். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும் இடத்தைத் தவிர்க்கவும். பதிவை வெட்டி ஒட்டும்போது பாட்டு அறுபடுவது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். ஃபேன் ஓடும் கடைக்குள் பதிவு செய்தால் அந்த இரைச்சல் பதிவின் குறைபாடு போலவே கேட்கும்.

நிறைசாக்குக்கு நிஜ மல்லிகை தேவையில்லை. நனைத்த சணல் சாக்கில் பழந்துணிகளை இறுக்கமில்லாமல் திணித்து, அடியில் கனத்துக்கு ஏதாவது கட்டி வைத்தால் மெத்தென்ற கனம் கிடைக்கும். அரிசியோ பருப்போ நிரப்பினால் சலசலவென்று கேட்டு, கேட்பவர் மளிகைக் கடைக்குப் போய்விடுவார். கீச்சொலிக்கு மட்டும் நிஜத் தராசு வேண்டும்; கணினியில் தயாரித்த ஒலி போன் மணியாகவோ ஆஸ்பத்திரிக் கருவியாகவோ கேட்கக்கூடும். பேனாவுக்குப் பால்பாயிண்ட் பேனாவும், அடியில் பலகை வைத்த தடித்த கணக்கு நோட்டும் எடுத்து, மைக்கை மிக அருகில் வைத்துத் தனியாகப் பதிவு செய்யலாம்.

படிகளைக் கடந்து உள்ளே வரும் மாற்றத்தைப் பதிவில் செய்ய எளிய வழி உண்டு. ஒன்று முதல் நான்கு வரையுள்ள வசனங்களைச் சுற்றிலும் போர்வைகள் தொங்கவிட்ட இடத்திலும், ஆறாம் வசனத்திலிருந்து வெறும் சுவர்கள் உள்ள சிறிய அறையிலும் பேச வையுங்கள். போர்வை எதிரொலியை உறிஞ்சிக்கொள்வதால் முதல் பகுதி திறந்தவெளியாகக் கேட்கும்; இரண்டாவது, கடைக்குள் கேட்கும்.

கேட்க வைத்துச் சோதித்தல்

எழுத்துப்படியைப் படிக்காத சிலரிடம் பதிவை ஒருமுறை மட்டும் போட்டுக்காட்ட வேண்டும். அவர்களில் பார்வையற்றவர்களும் இருப்பது மிகவும் நல்லது. பார்வையுள்ளவர்கள் இடைவெளியைத் தங்களுக்குத் தெரிந்த காட்சியால் நிரப்பிக்கொண்டு, எல்லாம் புரிந்ததாகச் சொல்லிவிடக்கூடும். சந்தைக்குப் போயிருக்கும் பார்வையற்ற ஒருவர், உள்ளே வந்த பிறகும் வெளியே நிற்பது போல இருக்கிறது என்று சொன்னால், அது எதிரொலியில் உள்ள பிழை. வசனத்தைத் திருத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

"புரிந்ததா" என்று கேட்காதீர்கள். எத்தனை பேர் இருந்தார்கள், எப்போது உள்ளே போனார்கள், சிறுமி எங்கே நின்று எண்ணைப் படித்தாள் என்று கேளுங்கள். கடைசியாக, கீச்சொலி எப்போது வந்தது என்று கேளுங்கள். நிறைசாக்கை வைத்த பிறகு வந்தது என்று அவர்கள் சொன்னால் காட்சியின் சாட்சியம் உடைந்துவிட்டது என்று பொருள். அப்போது கீச்சொலியின் அளவைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் அது அறையிலிருந்து பிரிந்து தனியாக ஒட்டவைத்தது போலாகிவிடும். அதற்குப் பதிலாக, வெறுஞ்சாக்கு விழுவதற்கும் கீச்சொலிக்கும் இடையிலுள்ள ஒரு விநாடியில் சந்தை இரைச்சலை இன்னும் சற்று இறக்கி, விலை கூவும் குரல் அந்த நேரத்தில் வராதபடி பின்னணியை நகர்த்தி வையுங்கள். அப்போதும் தவறவிட்டால், தேன்மொழியின் கேள்வியை "சாக்க வச்சதும் கத்துதே, என்ன மாமா?" என்று மாற்றலாம். அதற்குமேல் ஒரு சொல் கூடினாலும் 23-ஆம் வசனம் பேச்சியம்மாளின் கண்டுபிடிப்பாக இருக்காது.